கேஸ் போச்சா? ஆம்பியர் சொல்வதும் சொல்லாததும்

ஃப்ரிட்ஜில் குளிர்ச்சி குறைந்தால் நம் ஊரில் முதலில் வரும் தீர்ப்பு, “கேஸ் போயிடுச்சு” என்பதுதான். வீட்டுக்காரரும் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரரும் சொல்வார், சில மெக்கானிக்குகள் வாசற்படி ஏறுவதற்குள் சொல்லிவிடுவார்கள். ஆனால் கேஸ் உண்மையிலேயே போயிருக்கிறதா என்று பார்ப்பது அவ்வளவு எளிதல்ல. ஸ்கூட்டர் டயருக்கு இருப்பதுபோல் காற்று பார்க்கும் மூக்கு ஃப்ரிட்ஜுக்குக் கிடையாது. கம்ப்ரசர், பின்பக்கக் கண்டென்சர், மயிரிழைத் துளையுள்ள கேப்பிலரி குழாய், ஃப்ரீசரைச் சுற்றியோடும் குழாய் எல்லாம் தொழிற்சாலையிலேயே பற்றவைத்து மூடப்பட்டவை. கேஜ் மாட்ட வேண்டுமென்றால் ஒரு குழாயைக் குத்தவோ வெட்டவோ வேண்டும். அதற்குள் இருப்பதே நூறு கிராமுக்குள்தான். அழுத்தம் பார்க்கத் திறந்தாலே அதில் கொஞ்சம் வெளியேறிவிடும். பிறகு, கேஸ் முதலிலேயே குறைவாக இருந்ததா, நாம் திறந்ததால் குறைந்ததா என்று யார் சொல்வது?

அதனால்தான் விவரமான மெக்கானிக் குழாயைத் தொடுவதற்கு முன் கம்பியைத் தொடுகிறார். பையிலிருந்து கிளாம்ப் மீட்டரை எடுக்கிறார். பழைய ஆட்கள் அதை ‘டாங் டெஸ்டர்’ என்பார்கள். நண்டுக் கொடுக்குபோல் வாய் திறந்து கம்பியைக் கவ்விக்கொள்ளும் கருவி. கம்பியை வெட்டாமல், இணைப்பைக் கழற்றாமல், அதில் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று காட்டும்.

கவ்வுவதிலேயே ஒரு சூட்சுமம் உண்டு. ஃப்ரிட்ஜின் கறுப்பு வயரை அப்படியே கொடுக்குக்குள் விட்டால் மீட்டர் பூஜ்யம்தான் காட்டும். வயருக்குள் ஃபேஸ் ஒன்று, நியூட்ரல் ஒன்று. ஒன்றில் போகும் மின்னோட்டம் மற்றதில் திரும்பி வருகிறது. இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துவிடுவதால் மீட்டருக்கு எதுவும் தெரியாது. ஒற்றைக் கம்பியை மட்டும் கவ்வ வேண்டும். அதற்காக ஃப்ரிட்ஜ் வயரின் உறையைக் கிழிக்கக் கூடாது. நல்ல மெக்கானிக்குகள் ஃபேஸ் கம்பியை மட்டும் தனியே வளையமாக வெளியே எடுத்த எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றைத் தாங்களே செய்து வைத்திருப்பார்கள். ஃப்ரிட்ஜ் பிளக்கை அதில் சொருகி, அந்த வளையத்தைக் கவ்வினால் போதும். இல்லையென்றால் கம்ப்ரசரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, மூன்று பின்களில் ‘காமன்’ பின்னுக்கு வரும் கம்பியைக் கவ்வுவார்கள். உள்விளக்கு, ஹீட்டர் எதுவும் கலக்காமல் கம்ப்ரசர் மட்டும் எடுப்பது தெரியும் என்பது இதிலுள்ள வசதி. மின்சாரம் இருக்கும்போது கைவைக்கும் இடம் அது என்பதால் வீட்டில் யாரும் முயல வேண்டாம்.

அடுத்த சிக்கல், மீட்டரே. கடையில் கிடைக்கும் சாதாரண கிளாம்ப் மீட்டர் 200, 400 ஆம்பியர் வரை அளக்கச் செய்யப்பட்டது. வீட்டு ஃப்ரிட்ஜ் எடுப்பதோ ஒரு ஆம்பியர் அக்கம்பக்கம். மீட்டரின் கையேட்டில் துல்லியம் என்று ‘இரண்டரை சதவீதமும் ஐந்து இலக்கமும்’ என்ற மாதிரி எழுதியிருக்கும். கடைசி இலக்கம் 0.1 ஆம்பியராக இருக்கும் மீட்டரில் ‘ஐந்து இலக்கம்’ என்றால் அரை ஆம்பியர். ஆக, உண்மையில் 0.9 ஓடும் கம்பியில் அது 0.4 காட்டினாலும் 1.4 காட்டினாலும் கம்பெனிக்காரர் பொய் சொன்னதாக ஆகாது. இந்த மீட்டரை வைத்துக்கொண்டு கேஸ் கூடவா குறைவா என்று பேசுவதில் அர்த்தமில்லை.

இதற்கு ஐ.டி.ஐ.யில் படித்தவர்களுக்குத் தெரிந்த ஒரு வழி இருக்கிறது. ஒற்றைக் கம்பியைக் கொடுக்குக்குள் ஒருமுறை விடுவதற்குப் பதில் பத்துச் சுற்று சுற்ற வேண்டும். மீட்டர் பத்து மடங்கு காட்டும். 9.0 என்று காட்டினால் 0.90 என்று படித்துக்கொள்ள வேண்டும். அந்த அரை ஆம்பியர் பிழையும் பத்தால் வகுபட்டு 0.05 ஆகிவிடுகிறது. சுற்றிய கம்பிகள் கொடுக்கின் நடுவில் இருக்க வேண்டும், வாய் இடைவெளியின்றி மூட வேண்டும், அவ்வளவுதான்.

இனி, இந்த ஆம்பியருக்கும் கேஸுக்கும் என்ன சம்பந்தம்? கம்ப்ரசர் என்பது ஒரு மோட்டார், ஒரு பிஸ்டன். ஃப்ரீசர் குழாயில் ஆவியான கேஸை உறிஞ்சி, அழுத்திக் கண்டென்சருக்குத் தள்ளுவதுதான் அதன் வேலை. ஒவ்வொரு இழுப்பிலும் எவ்வளவு கேஸ் உள்ளே வருகிறது என்பது உறிஞ்சும் பக்கத்து அழுத்தத்தைப் பொறுத்தது. கிணற்றில் வாளி நிரம்பி வந்தால் கைக்குக் கனம், கால்வாளி வந்தால் லேசு, அதுபோலத்தான். ஃப்ரிட்ஜ் சூடாக இருக்கும்போது ஃப்ரீசர் குழாயில் கேஸ் வேகமாகக் கொதித்து ஆவியாகும், உறிஞ்சும் அழுத்தம் ஏறும், இழுப்புக்கு நிறைய கேஸ் வரும், மோட்டாருக்குச் சுமை கூடும். உள்ளே குளிரக் குளிர ஆவியாவது குறையும், அழுத்தம் இறங்கும், சுமையும் இறங்கும். கேஸ் பற்றாக்குறையாக இருந்தால் குளிராமலேயே அழுத்தம் கீழே கிடக்கும், மோட்டாரும் லேசாக ஓடும்.

அதனால் நல்ல நிலையிலுள்ள ஃப்ரிட்ஜின் ஆம்பியர் ஒரே எண்ணில் நிற்பதில்லை. ஸ்டார்ட் ஆகும் அந்த நொடியில் ஏழெட்டு மடங்குகூட எகிறும். ஒரு நொடிக்குள் ஸ்டார்ட்டிங் ரிலே தன் வேலையை முடித்துக்கொண்டு விலகியதும் சட்டென்று இறங்கும். (அங்கேயே தங்கி, சில நொடிகளில் ‘டிக்’ என்று ஓவர்லோடு கட்டானால் கோளாறு ரிலேயிலோ கம்ப்ரசரிலோ இருக்கிறது. கேஸைச் சந்தேகிக்க இன்னும் நேரம் வரவில்லை.) அதன்பின், உள்ளே சூடாக இருந்தால் சற்று உயரத்தில் நின்று, ஒன்றிரண்டு மணி நேரத்தில் மெல்ல மெல்ல இறங்கும். அந்த இறக்கம்தான் நாம் பார்க்க வேண்டியது. ஓரிடத்தில் நிற்கும் எண்ணைவிட, அது நகரும் விதம் அதிகம் பேசும்.

இதை ஒரு வீட்டில் வைத்துப் பார்ப்போம். திருச்சி உறையூரில் ஒரு சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ். ஆர்-134ஏ கேஸ். பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளில் 90 கிராம் கேஸ், 1.2 ஆம்பியர், 230 வோல்ட் என்று இருக்கிறது. புகார்: பால் புளித்துவிடுகிறது, ஃப்ரீசரில் ஒரு மூலையில் மட்டும் பனி பிடிக்கிறது, மோட்டார் நிற்காமல் ஓடுகிறது.

“கேஸ்தானே தம்பி?” என்று அந்த வீட்டம்மா கேட்க, மெக்கானிக், “இருங்கக்கா, அதுவே சொல்லட்டும்” என்று முதலில் வோல்டேஜ் பார்த்தார். 228. எக்ஸ்டென்ஷன் வயரில் பத்துச் சுற்று சுற்றிக் கவ்வினார். ஃப்ரிட்ஜை அரை மணி நேரம் நிறுத்திவைத்துப் போட்டதும் 8.2, அதாவது 0.82 ஆம்பியர். ஒரு மணி நேரம் கழித்து 0.80. கிட்டத்தட்ட அசையவே இல்லை.

லேபிளில் 1.2 இருக்க 0.8 காட்டுகிறது, ஆகவே கேஸ் குறைவு என்று அவசரப்படக் கூடாது. லேபிளில் போட்டிருப்பது கடும் வெயிலில், கடும் சுமையில் சோதித்தபோது எடுத்த அளவை ஒட்டியது. குளிர்ந்து நிலைக்கு வந்த நல்ல ஃப்ரிட்ஜும் அதைவிடக் குறைவாகத்தான் எடுக்கும். 0.8 என்ற எண்ணைத் தனியே எடுத்துவைத்தால் அது எதையும் நிரூபிக்காது. உள்ளே வெதுவெதுப்பாக இருந்தும் ஆம்பியர் உயரத்தில் தொடங்கவில்லை, நேரம் போகப் போக இறங்கவும் இல்லை என்பதே சந்தேகத்துக்கு உரியது. மோட்டாருக்குத் தொடக்கத்திலிருந்தே சுமை இல்லை.

பிறகு பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே சொருகும் சிறிய வாட் மீட்டர் ஒன்றை மாட்டினார். 62 வாட். இங்கேதான் ஆம்பியரின் மந்தபுத்தி தெரியவருகிறது. இதே ஃப்ரிட்ஜ் சரிசெய்தபின், குளிர்ந்த நிலையில் 0.95 ஆம்பியரும் 115 வாட்டும் எடுத்தது. வாட் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தபோது ஆம்பியர் ஆறில் ஒரு பங்குதான் குறைந்திருந்தது.

காரணம், இந்தச் சிறிய மோட்டார்களில் ஓடும் மின்னோட்டத்தின் பெரும்பகுதி வேலை செய்யப் போவதில்லை. மோட்டாருக்குள் காந்தப்புலத்தை உண்டாக்கிவைக்கப் போய்வந்துகொண்டே இருக்கும். சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பங்கு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். வேலைக்கான பங்கு அதன்மேல் கொஞ்சம்போல் ஏறி உட்காருகிறது. கிளாம்ப் மீட்டர் இரண்டையும் பிரிக்காமல் சேர்த்தே காட்டும். கேஸ் சுத்தமாகக் காலியானாலும் இந்தக் கம்ப்ரசர் 0.75 அளவில் காட்டிக்கொண்டு ஓடும். ஆக, கேஸ் இல்லாமைக்கும் நிறைவுக்கும் நடுவே மீட்டரில் இருக்கும் தூரமே 0.2 ஆம்பியர்தான். பத்துச் சுற்று ஏன் என்பது இப்போது புரியும். என்னைக் கேட்டால், ஃப்ரிட்ஜ் வேலைக்குக் கிளாம்ப் மீட்டர் வாங்குகிறவர் அதோடு வாட் மீட்டர் ஒன்றும் வாங்கிக்கொள்வது நல்லது. அது வேலைக்கான பங்கை மட்டும் பிரித்துக் காட்டிவிடும்.

‘கரண்ட் கம்மியாத்தானே இழுக்குது, அப்படியே ஓடட்டும்’ என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 62 வாட் 24 மணி நேரமும் நிற்காமல் ஓடினால் நாளுக்கு ஒன்றரை யூனிட். அதே ஃப்ரிட்ஜ் நல்ல நிலையில் 115 வாட் எடுத்தாலும், தெர்மோஸ்டாட் கட் செய்து கட் செய்து நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 1.15 யூனிட்தான். குறைவாக இழுத்து அதிகம் செலவழிக்கும் இயந்திரம் அது. பாலும் கெடும்.

வோல்டேஜை முதலில் பார்த்ததற்கும் காரணம் உண்டு. காந்தப்புலத்துக்கான அந்தப் பங்கு வோல்டேஜோடு சேர்ந்து ஏறும், அதுவும் கொஞ்சம் கூடுதலாகவே ஏறும். இரவு பத்து மணிக்குமேல் லைனில் 250 வந்துவிட்டால், இதே கேஸ் குறைந்த ஃப்ரிட்ஜ் 0.95 காட்டி, எல்லாம் நலம் என்பதுபோல் ஏமாற்றிவிடும். நல்ல சுமையோடு ஓடும் கம்ப்ரசரில் நிலைமை வேறு. அங்கே வோல்டேஜ் மிகவும் கீழே போனாலும் ஆம்பியர் ஏறும், மோட்டார் சூடாகும். எனவே ஆம்பியரை மட்டும் குறித்துவைத்த சீட்டு வெறும் காகிதம். பக்கத்தில் வோல்ட், எத்தனை நேரம் ஓடியது, அறை எவ்வளவு சூடு என்பதும் இருக்க வேண்டும்.

சரி, சுமை இல்லை என்பது தெரிந்தது. கேஸ் போனதுதான் என்று ஆகிவிட்டதா? இன்னும் இல்லை. சுமை இல்லாமல் போக மூன்று வழி இருக்கிறது. கேஸ் கசிந்திருக்கலாம். கேப்பிலரியோ அதற்கு முன்னாலுள்ள ட்ரையரோ அடைத்து, கேஸ் முழுவதும் கண்டென்சர் பக்கமே தேங்கியிருக்கலாம். இதைத் தொழிலில் ‘சோக்’ என்பார்கள். அல்லது கம்ப்ரசரின் வால்வு உடைந்து, பிஸ்டன் ஓடியும் எதையும் அழுத்தாமல் இருக்கலாம். மூன்றிலும் மீட்டர் ஒரே மாதிரிதான் காட்டும். ஆம்பியர் சொல்லாமல் விடும் இடம் இது. இங்கிருந்து கையும் கண்ணும் காதும்தான்.

உறையூர் மெக்கானிக் செய்ததைச் சொல்கிறேன். ஓடிக்கொண்டிருந்தபோது கண்டென்சரைத் தடவிப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை சூடாக இருக்க வேண்டியது, மேல் இரண்டு வளைவில் மட்டும் வெதுவெதுப்பு. ட்ரையரின் இரண்டு முனையையும் விரலால் தொட்டார். பாதி அடைத்த ட்ரையர் என்றால் நுழையும் பக்கம் வெதுவெதுப்பாகவும் வெளியேறும் பக்கம் குளிர்ந்தும் இருக்கும், சில சமயம் வேர்த்தும் இருக்கும். இங்கே இரண்டும் ஒரே சூடு. பிறகு ஃப்ரிட்ஜை நிறுத்திவிட்டு ஃப்ரீசரில் காதை வைத்தார். கேப்பிலரி திறந்திருந்தால் இரண்டு பக்க அழுத்தமும் சமமாகும்வரை சில நிமிடங்கள் ‘உஸ்ஸ்’ என்று மெல்லிய சத்தம் வரும். வந்தது, ஆனால் சீக்கிரமே அடங்கிவிட்டது. சமமாக்க அங்கே அதிகம் இல்லை. கடைசியாக டார்ச் அடித்துப் பற்றவைத்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ட்ரையர் ஜாயின்டுக்குக் கீழே விரலகலத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு, அதில் தூசி ஒட்டிக் கறுத்திருந்தது. கேஸ் தனியாகக் கசியாது, கம்ப்ரசர் ஆயிலையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு வரும்.

அதன்பிறகே குழாயில் வால்வு வைத்து கேஜ் மாட்டினார். நிறுத்திவைத்த நிலையிலேயே அழுத்தம் குறைவு. சோக் என்றால் நிறுத்திவைத்தபோது அழுத்தம் நன்றாக இருந்து, ஓடவிட்டதும் விறுவிறுவென்று வெற்றிடத்துக்குப் போய்விடும். வால்வு உடைந்திருந்தால் ஓடினாலும் அழுத்தம் இறங்காது. மூன்றையும் பிரித்தது கேஜ்தான். ஆனால் கேஜ் மாட்டும் அளவுக்குப் போகலாமா என்று முடிவெடுக்க வைத்தது கிளாம்ப் மீட்டர்.

ஜாயின்டைச் சரிசெய்து, புது ட்ரையர் வைத்து, நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரையால் கசிவு பார்த்து, வேக்குவம் பம்ப் போட்டு, பிறகு கேஸ். சிலிண்டரைச் சின்ன எலக்ட்ரானிக் தராசில் நிறுத்தி 90 கிராம் இறங்கும்வரை விட்டார்.

ஊரில் பாதிப்பேர் இதைத் தராசில் செய்வதில்லை. கிளாம்ப் மீட்டரைக் கவ்விவிட்டு, ‘ஆம்பியர் பார்த்து’ ஏற்றுகிறார்கள். இது எனக்கு ஒப்புதல் இல்லாத வழக்கம். கேஸ் ஏற்றும்போது ஃப்ரிட்ஜ் உள்ளே சூடாக இருக்கிறது. சரியான 90 கிராம் இருந்தாலே அப்போது 1.2 ஆம்பியர் எடுக்கும். ‘இந்த மாடல் 0.95-தான் எடுக்கும்’ என்று மனப்பாடம் செய்தவர் 0.95-ல் நிறுத்தினால் கேஸ் பற்றாது. மாறாக, உள்ளே குளிர்ந்தபின் லேபிளிலுள்ள 1.2 வரும்வரை விட்டுக்கொண்டே போனால் கேஸ் மிஞ்சிவிடும். மிஞ்சிய கேஸ் ஃப்ரீசரில் ஆவியாகி முடியாமல் திரும்பும் குழாய்வரை வந்து, கம்ப்ரசருக்குள் போகும் செப்புக் குழாயே பனிபிடித்துச் சொட்டும். திரவமாகவே கம்ப்ரசருக்குள் நுழைந்தால் வால்வு உடையும். கேப்பிலரி வைத்த இந்தச் சிறு ஃப்ரிட்ஜுகளில் பத்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் தெரியும். ஆனால் பத்து கிராமை ஆம்பியரில் பார்க்க முடியாது. ஏற்றுவதற்குத் தராசு, ஏற்றியது சரியா என்று பார்க்கத்தான் ஆம்பியர். உறையூரில் ஏற்றியதும் 1.2 காட்டியது, அரை மணியில் 1.08, இரண்டு மணி நேரத்தில் 0.95. ஃப்ரீசர் முழுக்கச் சீராகப் பனி பிடித்தது. சற்று நேரத்தில் தெர்மோஸ்டாட் கட் ஆனது.

இதுவரை சொன்னது குறைவான ஆம்பியர். கூடுதலாகக் காட்டினால் பெரும்பாலும் கேஸைக் குறை சொல்ல வேண்டியதில்லை. கண்டென்சரில் தூசி அடைந்திருக்கும், அல்லது ஃப்ரிட்ஜைச் சுவரோடு ஒட்டித் தள்ளியிருப்பார்கள், அல்லது ஆறிய பிறகு வைக்கலாமே என்று பொறுக்காமல் குழம்புச் சட்டியைச் சூடாக உள்ளே வைத்திருப்பார்கள். வெப்பம் வெளியேற வழியில்லாமல் மேல் அழுத்தம் ஏறி மோட்டார் திணறுகிறது. ஃப்ரிட்ஜை இழுத்து வைத்து பிரஷ்ஷால் தூசி தட்டிவிட்டு மறுபடி கவ்வினாலே எண் இறங்கிவிடுவதைப் பார்க்கலாம்.

ஆனால் புதிய ஃப்ரிட்ஜுகளில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. இப்போது வருபவற்றில் பெரும்பாலும் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். ஆர்-134ஏ சாதாரண வளியழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும். ஐசோபியூட்டேன் கொதிப்பது மைனஸ் 12 அளவில். ஃப்ரீசர் குழாய் அதைவிடக் குளிராக ஓட வேண்டுமென்றால் அதற்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாக இருந்தாக வேண்டும். இப்போது ஃப்ரீசர் பக்கத்தில் ஒரு ஓட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். பனிக்கட்டியைப் பெயர்க்கக் கத்தியை விட்டு நெம்புவது நம் வீடுகளில் நடப்பதுதானே. கம்ப்ரசர் ஓடும்போது கேஸ் வெளியே வராது, வெளிக்காற்றுதான் உள்ளே போகும். அந்தக் காற்று கண்டென்சரில் போய்ச் சேர்ந்து, திரவமாகவும் மாறாமல், இடத்தை அடைத்துக்கொண்டு அழுத்தத்தை ஏற்றும். கம்ப்ரசர் நின்றபோது மட்டும் கேஸ் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். கசிவுள்ள ஃப்ரிட்ஜ், ஆனால் ஆம்பியர் ஏறுகிறது, கம்ப்ரசர் கொதிக்கிறது. இதை ‘ஓவர்சார்ஜ்’ என்று நினைத்து கேஸை வெளியே விடுகிறவர்கள் உண்டு. காற்றோடு வந்த ஈரம் கேப்பிலரி முனையில் உறைந்தால் வேறு வேடிக்கை: சிறிது நேரம் நன்றாக ஓடும், அடைக்கும், ஆம்பியர் சரியும், பனி உருகியதும் மறுபடி ஏறும். மணிக்கணக்கில் மீட்டரை விட்டுவைத்தால்தான் இந்த ஏற்ற இறக்கம் பிடிபடும்.

ஐசோபியூட்டேன் எரியும் வாயு. நம் வீட்டு சிலிண்டர் கேஸின் நெருங்கிய உறவு. கம்ப்ரசர்மேல் தீச்சுடர் போட்ட மஞ்சள் முக்கோணம் ஒட்டியிருந்தால், உள்ளே கேஸ் இருக்க பற்றவைக்கும் டார்ச்சைப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. மூடிய சமையலறையில் அதைத் திறந்துவிடவும் கூடாது. குழாயைத் திறக்காமல் வெளியிலிருந்தே முடிந்தமட்டும் தெரிந்துகொள்ள இது இன்னொரு காரணம்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜில் பிளக் வயரைக் கவ்வினால் சில சமயம் 0.7, 0.8 என்று காட்டும், ஆனால் கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்காது. பனி உருக்கும் ஹீட்டர் எடுக்கும் மின்னோட்டம் அது. கம்ப்ரசர்மேல் கைவைத்து அதிர்வு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எண்ணைப் படிக்க வேண்டும். இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜில் இந்த முறையே பெரிதாகக் கைகொடுக்காது. அங்கே கம்ப்ரசரின் வேகத்தை போர்டு தீர்மானிக்கிறது. கேஸ் குறைந்து குளிர்ச்சி போதாவிட்டால் போர்டு வேகத்தைக் கூட்டும், மின்னோட்டமும் கூடும். மின்னலையின் வடிவமும் சிதைந்திருப்பதால் ‘ட்ரூ ஆர்எம்எஸ்’ என்று போடாத மீட்டர் தப்பாகவே காட்டும். அந்த ஃப்ரிட்ஜுகளில் போர்டிலுள்ள சின்ன விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணி, கம்பெனி கொடுத்த அட்டவணையோடு ஒப்பிட்டுத்தான் மெக்கானிக்குகள் வேலையைத் தொடங்குகிறார்கள்.